தேத்தண்ணி ஏன் தானாகச் சூடாவதில்லை?

நுவரெலியாவில் மாலைப் பனி இறங்கும் நேரம், இஸ்தோப்பில் வைத்த தேத்தண்ணி பேச்சு முடிவதற்குள் ஆறிவிடும். கோப்பையை விட்டுப் போன வெப்பம் அழிந்துபோகவில்லை, சுற்றியுள்ள காற்றில்தான் இருக்கிறது. அது திரும்பி வந்து தேத்தண்ணியைச் சூடாக்கினாலும் சக்திக் காப்பு விதி மீறப்படாது. அப்படியானால் தடுப்பது எது?

1865-இல் ஜெர்மானியரான கிளாசியஸ் பெயரிட்ட என்ட்ரோபி என்ற அளவில் விடை இருக்கிறது. இடம் மாறும் வெப்பத்தை அந்த இடத்தின் வெப்பநிலையால் (கெல்வினில்) வகுத்தால் என்ட்ரோபி எவ்வளவு மாறியது என்று தெரியும்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். கோப்பையில் 200 மில்லிலீற்றர் தேத்தண்ணி, 75 பாகை செல்சியஸ், அதாவது 348 கெல்வின். வெளிக்காற்று 15 பாகை, 288 கெல்வின். தேத்தண்ணி ஒரு பாகை ஆறும்போது ஏறக்குறைய 840 யூல் வெப்பம் வெளியேறுகிறது. தேத்தண்ணி இழக்கும் என்ட்ரோபி 840 ÷ 348, அதாவது 2.4. காற்று பெறுவது 840 ÷ 288, அதாவது 2.9. போனதும் வந்ததும் ஒரே 840 யூல்தான், ஆனால் குளிர்ந்த இடத்தில் அது கூடுதலாக எண்ணப்படுகிறது. மொத்தத்தில் 0.5 அலகு கூடிவிட்டது.

சரி, வெப்பம் கோப்பைக்குத் திரும்பினால் அந்த 0.5 குறைய வேண்டும். அது ஏன் குறையக்கூடாது? இதற்குப் பதில் சொன்னவர் ஆஸ்திரிய இயற்பியலாளர் போல்ட்ஸ்மான். மூலக்கூறுகளுக்குள் சக்தியை எத்தனை விதமாகப் பங்கிடலாம் என்ற எண்ணிக்கையைத்தான் என்ட்ரோபி அளக்கிறது என்றார் அவர். வியன்னாவில் அவருடைய கல்லறையிலேயே S = k log W என்று பொறித்திருக்கிறார்கள்: S என்ட்ரோபி, W அந்த எண்ணிக்கை, k ஒரு மாறிலி. பங்கிடும் விதங்கள் கூடிய நிலைக்கே வாய்ப்பும் கூடுதல். ஒரு தனி மோதலில் மெதுவான காற்று மூலக்கூறு வேகமான மூலக்கூறுக்குச் சக்தி கொடுப்பதும் உண்டு. ஆனால் 840 யூலும் அப்படியே கோப்பைக்குத் திரும்ப, கோடானுகோடி மோதல்கள் ஒரே பக்கம் சாய வேண்டும். அதற்கான வாய்ப்பு, 1-க்குப் பின் சுமார் 16 கோடி கோடி கோடி பூச்சியங்கள் போட்ட எண்ணில் ஒன்று. அந்தப் பூச்சியங்களை நொடிக்கு ஒன்றாக எழுதினால், பிரபஞ்சத்தின் இன்றைய வயதைப்போல் 30,000 மடங்குக்கும் மேல் காலம் பிடிக்கும். இயற்பியல் விதி கதவைப் பூட்டவில்லை, ஆனாலும் யாரும் ஒருநாளும் இதைப் பார்க்கப்போவதில்லை. என்னை இன்றும் மலைக்க வைப்பது இதுதான். சில மூலக்கூறுகள் மட்டுமே உள்ள மிகச் சிறிய அமைப்பில் என்ட்ரோபி ஒரு கணம் குறைவதுண்டு. கோப்பை அளவுக்கு வந்தால் அந்தத் தளம்பல் கண்ணுக்கே படாது.

அடுப்பில் வைத்தால் தேத்தண்ணி மறுபடி சூடாகிறதே என்று கேட்கலாம். சூடாகும். அப்போது எரியும் விறகும் வெளியேறும் புகையும் சுற்றுப்புற வெப்பமும் சேர்ந்து, கூட்டிப் பார்த்தால் மொத்த என்ட்ரோபி முன்பைவிட உயர்ந்தே இருக்கும்.