7 டாலர் பட்ஜெட், 72,000 டாலர் பில்

2020இல் மில்க்கி வே என்ற சின்ன ஸ்டார்ட்அப் ஒன்று கூகுள் கிளவுடில் ஒரு சோதனை நடத்தியது. இணையப் பக்கங்களைத் திறந்து, அதிலுள்ள இணைப்புகளைப் பொறுக்கி, அந்தப் பக்கங்களையும் திறந்து படிக்கும் நிரல் அது. கிளவுட் ரன் என்ற சேவையில் அதை ஓடவிட்டு, ஃபயர்ஸ்டோர் தரவுத்தளத்தில் முடிவுகளைச் சேமித்தார்கள். முன்ஜாக்கிரதையாக 7 டாலருக்கு ஒரு பட்ஜெட்டும் போட்டு வைத்திருந்தார்கள். வந்த பில் 72,000 டாலர்.

நிரலில் இருந்த பிழை சாதாரணமானது. 'அ' பக்கம் 'ஆ' பக்கத்தைச் சுட்டும், 'ஆ' திரும்ப 'அ'வைச் சுட்டும். ஏற்கெனவே பார்த்த பக்கம் என்று தெரிந்துகொள்ள நிரலுக்கு வழி இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் வேலை பெருகியது, வேலை பெருகியதும் கிளவுட் ரன் புதுப்புது இன்ஸ்டன்ஸ்களை, அதாவது அதே நிரலின் ஓடும் பிரதிகளை, எழுப்பியது. அப்போது அதன் இயல்பு உச்சவரம்பு 1,000 இன்ஸ்டன்ஸ். அத்தனையும் சேர்ந்து ஃபயர்ஸ்டோரில் 11,600 கோடி முறை ஆவணங்களைப் படித்துத் தள்ளின. ஒரு லட்சம் வாசிப்புக்கு 6 சென்ட் என்ற விலையில் பெருக்கினால் அதுவே 69,600 டாலர் ஆகிறது. கூகுள் பின்னர் அந்தத் தொகையைத் தள்ளுபடி செய்தது, நிறுவனம் பிழைத்தது.

அப்படியானால் அந்த 7 டாலர் பட்ஜெட் என்ன செய்துகொண்டிருந்தது? அதன் வேலையைத்தான் செய்தது. கூகுள் கிளவுடில் பட்ஜெட் என்பது செலவு இந்த அளவைத் தாண்டினால் மின்னஞ்சல் அனுப்பச் சொல்லும் ஏற்பாடு, அவ்வளவுதான். எதையும் அது நிறுத்தாது. பட்ஜெட் போட்டால் செலவு தானாக நின்றுவிடாது என்று கூகுளின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் பட்ஜெட் என்ற பெயரைப் பார்க்கிறவர்கள் அந்த வரியைத் தேடிப் போவதில்லை. பெயர் வைத்தவர்களைத்தான் நான் குறை சொல்வேன்.

மின்னஞ்சலாவது நேரத்துக்கு வந்ததா என்றால், அதுவும் இல்லை. காரணம் பில் உருவாகும் விதத்தில் இருக்கிறது. நம் வீட்டு மின்மீட்டர் ஒவ்வொரு நொடியும் ஓடுகிறது. ஆனால் ரீடிங் எடுப்பவர் வந்து அட்டையில் எழுதும்வரை தொகை என்னவென்று யாருக்கும் தெரியாது. கிளவுடிலும் இவை இரண்டும் தனித்தனி வேலைகள். ஃபயர்ஸ்டோர் சர்வர் ஒவ்வொரு வாசிப்பையும் அந்த நொடியிலேயே எண்ணிவிடுகிறது. அந்த எண்ணிக்கைகளை உலகெங்கும் உள்ள சர்வர்களிலிருந்து திரட்ட வேண்டும், இருமுறை பதிவானவற்றை நீக்க வேண்டும், இலவச அளவைக் கழிக்க வேண்டும், விலைப் படிநிலையும் தள்ளுபடியும் போட்டுப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் அது டாலராகிறது. இந்தக் கணக்கு தொகுதி தொகுதியாக நடப்பதால் மணிக்கணக்கில் பின்தங்கியே இருக்கும். அமேசானின் பட்ஜெட் சேவை தன் செலவு விவரத்தைப் பொதுவாக 8 முதல் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது. மைக்ரோசாஃப்ட் அஷூர் தன் பட்ஜெட்டுகளை 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சரிபார்க்கிறது. ஆகவே எச்சரிக்கை வரும்போது அது சொல்வது சில மணி நேரம் முந்தைய நிலவரம்.

இந்தத் தாமதத்தைக் கணக்கில் கொண்டுவந்தால் விஷயம் தெளிவாகும். நம் நஷ்டத்தின் அளவு, பணம் கரையும் வேகத்தையும் தாமதத்தையும் பெருக்கிய தொகை. ஓர் இன்ஸ்டன்ஸ் நொடிக்கு 1,000 ஆவணங்களைப் படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1,000 இன்ஸ்டன்ஸ் ஓடினால் நொடிக்குப் பத்து லட்சம் வாசிப்பு, மணிக்கு 360 கோடி. பத்து லட்சம் வாசிப்புக்கு 60 சென்ட் என்றால் மணிக்கு 2,160 டாலர். 12 மணி நேரம் கழித்து மின்னஞ்சல் வந்தால் அதற்குள் 25,920 டாலர் போயிருக்கும். பட்ஜெட் 7 டாலராக இருந்தாலும் 700 டாலராக இருந்தாலும் இந்தத் தொகை கிட்டத்தட்ட மாறாது. அதனால்தான் பட்ஜெட் எண்ணைக் குறைத்துக்கொண்டே போவதில் பயன் இல்லை.

தாமதத்தை நம்மால் குறைக்க முடியாது, வேகத்தைக் குறைக்க முடியும். பணத்துக்குப் போட முடியாத வரம்பை எண்ணிக்கைக்குப் போடலாம். எத்தனை இன்ஸ்டன்ஸ் ஓடுகிறது என்பது கிளவுட் ரனுக்கு அந்த நொடியிலேயே தெரியும் என்பதால், அங்கே வைக்கும் வரம்பு பில்லுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே வரியில் முடிந்துவிடும்:

```
gcloud run services update scraper \
  --max-instances=2 --concurrency=10 --region=asia-south1
```

இப்போது அதே பிழையான நிரலை ஓடவிட்டால் இரண்டு இன்ஸ்டன்ஸ்தான் எழும், ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் பத்துக் கோரிக்கைகளைத்தான் எடுக்கும். மணிக்கு 72 லட்சம் வாசிப்பு, 4 டாலர் 32 சென்ட். 12 மணி நேரம் யாரும் கவனிக்காமல் விட்டாலும் ஏறத்தாழ 52 டாலர். இன்ஸ்டன்ஸ் ஓடுவதற்கான கட்டணத்தையும் சேர்த்தால் சில டாலர் கூடும். ஒரு விஷயம் மட்டும் மனதில் இருக்க வேண்டும். திடீர் நெரிசல் வரும்போது கிளவுட் ரன் இந்த எண்ணைக் கொஞ்ச நேரம் தாண்டக்கூடும். ஆனால் இரண்டு என்பது ஆயிரம் ஆகாது.

வரம்பு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், நிரலின் பதிவுகளில் 429 பிழைகள் குவிவது. இடமில்லை, பிறகு வா என்று திருப்பியனுப்பப்பட்ட கோரிக்கைகள் அவை. புதிதாக வருபவர்கள் இதைப் பார்த்ததும் பதறி வரம்பை ஏற்றிவிடுவார்கள். உண்மையான பயனர்கள் பெருகியதால் வந்த 429ஆ, நிரல் தன்னைத்தானே அழைத்துக்கொள்வதால் வந்ததா என்று பார்த்த பிறகே ஏற்ற வேண்டும்.

பங்ஷன் எனப்படும் சின்ன நிரல்களை ஓட்டித் தரும் அமேசானின் லாம்டா சேவையிலும் இதே ஏற்பாடு உண்டு. ஒரு பங்ஷன் ஒரே நேரத்தில் எத்தனை பிரதிகளாக ஓடலாம் என்று கட்டிவைக்கலாம். அந்த எண்ணைப் பூஜ்யமாக்கினால் பங்ஷன் ஓடுவது நின்றுவிடும். அவசரத்துக்கு இதைவிட எளிய பிரேக் கிடையாது:

```
aws lambda put-function-concurrency \
  --function-name scraper --reserved-concurrent-executions 0
```

எச்சரிக்கையையும் இதேபோல் பணத்திலிருந்து எண்ணிக்கைக்கு மாற்றலாம். ஃபயர்ஸ்டோர் வாசிப்புகளின் எண்ணிக்கை `firestore.googleapis.com/document/read_count` என்ற பெயரில் கூகுளின் கண்காணிப்புச் சேவைக்குச் சில நிமிடங்களில் வந்துவிடும். அங்கே ஒரு அலர்ட் போடலாம். சாதாரண நாளில் உச்சநேரத்தில் நிமிடத்துக்கு 2,000 வாசிப்பு போகிறது என்றால், 20,000த்தைத் தாண்டி ஐந்து நிமிடம் நீடித்தால் தகவல் வரட்டும் என்று வைக்கலாம். பில்லிங் அலர்ட் அரை நாள் கழித்துச் சொல்வதை இது பத்து நிமிடத்துக்குள் சொல்லிவிடும். ஆனால் தகவல் போய்ச் சேரும் இடம் முக்கியம். பதிவு செய்தபோது கொடுத்து, பிறகு யாருமே திறக்காத மின்னஞ்சல் முகவரிக்குப் போனால் எவ்வளவு வேகமாகப் போயும் பிரயோஜனம் இல்லை. தூக்கத்தில் எழுப்பும் வழியில்தான், அதாவது போனுக்குத்தான் வர வேண்டும்.

எண்ணிக்கை வரம்பையும் மீறி ஏதாவது நடந்தால் என்ன செய்வது என்பதற்குக் கடைசி ஆயுதம் ஒன்று இருக்கிறது. கூகுளின் பட்ஜெட் மின்னஞ்சல் மட்டும் அனுப்புவதில்லை. நாளுக்குப் பலமுறை, இதுவரை ஆன செலவையும் பட்ஜெட் தொகையையும் ஒரு செய்தியாக, நிரல்களுக்கிடையே செய்திகளைக் கடத்தும் பப்சப் என்ற சேவைக்கு அனுப்பச் சொல்லலாம். அந்தச் செய்தியில் `costAmount`, `budgetAmount` என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் இரண்டாவதை மீறினால் ப்ராஜெக்டைப் பில்லிங் கணக்கிலிருந்து கழற்றிவிடும் ஒரு சின்னப் பங்ஷனை எழுதி வைக்கலாம். கையால் செய்வதானால் அது இந்தக் கட்டளைதான்:

```
gcloud billing projects unlink PROJECT_ID
```

இது வடிகட்டி நிறுத்துவது இல்லை, அடியோடு பிடுங்குவது. கட்டணச் சேவைகள் அனைத்தும் அணையும், பயனர்கள் பயன்படுத்திக்கொண்டிருந்த தளமும் சேர்ந்து விழும். நீண்ட நேரம் அப்படியே விட்டால் சில வளங்கள் மீட்க முடியாதபடி அழியக்கூடும் என்று கூகுளே எச்சரிக்கிறது. செய்தி வருவதிலும் பழைய தாமதம் அப்படியே இருப்பதால், கழற்றுவதற்குள் ஆன செலவும் பின்னால் பில்லில் ஏறும். ஆகவே சோதனை வேலைகளுக்குத் தனி ப்ராஜெக்ட் வைத்து, இந்தப் பங்ஷனை அதில் மட்டும் கட்டுவது நல்லது. வாடிக்கையாளர் தரவு இருக்கும் ப்ராஜெக்டில் நான் இதைக் கட்டமாட்டேன்.

கிளவுட் நிறுவனங்களே ஏன் உண்மையான உச்சவரம்பைத் தருவதில்லை என்ற கேள்விக்கும் பாதி விடை இதில் கிடைத்துவிடுகிறது. கணிப்பொறியை நிறுத்தலாம், ஆனால் வட்டில் கிடக்கும் தரவுக்கு வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். செலவைப் பூஜ்யமாக்க வேண்டுமானால் தரவை அழிக்க வேண்டும். அந்த முடிவை எடுக்க எந்த நிறுவனமும் விரும்பாது. மீதிப் பாதி விடை வியாபாரம். பணம் வராது என்று முன்கூட்டியே தெரிந்த இடங்களில் வரம்பு மிகச் சரியாக வேலை செய்வதைப் பார்க்கலாம். ஃபயர்ஸ்டோரையும் உள்ளடக்கிய கூகுளின் ஃபயர்பேஸ் தளத்தின் இலவசத் திட்டத்தில் நாளுக்கு 50,000 ஃபயர்ஸ்டோர் வாசிப்பு முடிந்ததும் கதவு சாத்தப்படும். அஷூர் இலவசமாகத் தரும் கிரெடிட் தொகையில் ஓடும் கணக்கிலும் செலவு வரம்பு உண்டு, அந்தத் தொகை தீர்ந்ததும் சேவை நிற்கும். பயன்பாட்டுக்கேற்பக் கட்டணம் செலுத்தும் கணக்குக்கு மாறினால் அந்த வரம்பு போய்விடுகிறது. மில்க்கி வேயின் ப்ராஜெக்டும் பில்லிங் கணக்கோடு இணைந்த பிறகு கட்டணத் திட்டத்துக்கு ஏறியதுதான்.

நம் பக்கத்து எண்ணிக்கைக்கு வரம்பு போட்டாலும் அடங்காத செலவு ஒன்று உண்டு. நம் கதவை வெளியே நின்று மற்றவர்கள் தட்டுவதற்கும் நாம் கட்டணம் செலுத்துவது. 2024 ஏப்ரலில் ஒருவர் அமேசான் எஸ்3இல் தான் புதிதாகத் திறந்த, வேறு யாருக்கும் அனுமதி இல்லாத ஒரு சேமிப்புப் பக்கெட்டுக்கு 1,300 டாலருக்கு மேல் பில் வந்ததைப் பதிவிட்டார். பிரபலமான ஓப்பன் சோர்ஸ் கருவி ஒன்றின் இயல்பு அமைப்பில் தற்செயலாக அதே பக்கெட் பெயர் இருந்தது. உலகெங்கும் அந்தக் கருவியை ஓட்டியவர்களின் கணினிகள் ஒரே நாளில் பத்துக் கோடிக்கு நெருக்கமான முறை அங்கே கோப்பு எழுத முயன்றன. எல்லாமே அனுமதி மறுக்கப்பட்ட கோரிக்கைகள், இருந்தும் கட்டணம் பக்கெட் உரிமையாளர் பெயரில் ஏறியது. அடுத்த மாதமே அமேசான் விதியை மாற்றி, வெளியாட்களிடமிருந்து வந்து 403 என்று மறுக்கப்படும் கோரிக்கைகளுக்கு உரிமையாளரிடம் கட்டணம் வாங்குவதை நிறுத்தியது. ஆனால் பொதுவில் திறந்து வைத்திருக்கும் கோப்பை யாராவது லட்சக்கணக்கான முறை இறக்கினால் அந்தச் செலவு இன்றும் உரிமையாளருடையதுதான். அங்கே வரம்பைப் பக்கெட்டில் வைக்க முடியாது. பக்கெட்டை நேரடியாகத் திறந்துவிடாமல் கோப்பின் நகலை வைத்துக்கொண்டு கேட்பவர்களுக்குத் தரும் சிடிஎன் ஒன்றை முன்னால் வைத்து, ஒரு ஐபி முகவரி நிமிடத்துக்கு எத்தனை முறை கேட்கலாம் என்பதை அங்கே கட்ட வேண்டும்.