நூற்பட்டியலின் ஒளிப்படம் நான்கு கட்டங்களாகப் பிரிவது எப்படி?

ஆய்வு நூல்களின் இறுதியில் வரும் துணைநூற்பட்டியலைக் கைபேசியில் படம்பிடித்து வைத்துக்கொள்வது இப்போது எல்லோருக்கும் பழக்கம். அந்தப் படத்திலிருந்து ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, பதிப்பகம் என்ற நான்கையும் கணினியே பிரித்து எடுத்துக் கட்டங்களில் நிரப்பவும் முடியும். ஆனால் கணினிக்கு மு.வ.வையும் தெரியாது, சாகித்திய அகாதெமியையும் தெரியாது. அது நம்பியிருப்பவை பெரும்பாலும் காற்புள்ளிகள், இடைவெளிகள், ஒரு சொல் வரிசையில் எத்தனையாவதாக நிற்கிறது என்பன போன்ற தடயங்கள்தாம். அவற்றில் மிகச் சிறியவைதாம் ஒளிப்படத்தில் முதலில் அழிந்தும்போகின்றன.

ஓர் உண்மையான பதிவையே எடுத்துக்கொள்வோம்.

வரதராசன், மு., தமிழ் இலக்கிய வரலாறு, சாகித்திய அகாதெமி, புது தில்லி, 1972.

நம் கண்ணுக்கு இதில் எந்தச் சிக்கலும் இல்லை. இதே வரி, நடுத்தையலை ஒட்டிய வளைவில், பாதி நிழலில் படம்பிடித்த பக்கமாக வந்தால் என்ன நடக்கும் என்று பார்க்கலாம்.

எழுத்துணரி மென்பொருள்கள் படிப்பதற்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருந்தால் போதும் என்பது பொதுவான கணக்கு. 14 சென்டிமீட்டர் அகலமுள்ள பக்கத்துக்கு அது சுமார் 1,650 புள்ளிகள். இன்றைய சாதாரணக் கைபேசியே 3,000 புள்ளி அகலத்தில் படம் தருகிறது. ஆகவே கேமராவைக் குறை சொல்வதில் பயனில்லை. சிக்கல் ஒளியிலும் வளைவிலும் இருக்கிறது. படத்தைப் படிப்பதற்கு முன் அதைத் தூய கறுப்பு, தூய வெள்ளை என்று இரண்டாக்குவது வழக்கம். 1979இல் நொபுயுகி ஒட்சு வெளியிட்ட முறை, பக்கம் முழுவதற்கும் ஒரே எல்லைக்கோட்டைத் தானாகக் கண்டுபிடித்துத் தரும். அதைவிடக் கறுத்தது எழுத்து, வெளுத்தது தாள். சமமான வெளிச்சத்தில் இது அருமையாக வேலை செய்யும். பக்கத்தின் ஒரு பக்கம் நிழல் விழுந்தாலோ, நிழலே கறுப்பாகி எழுத்துகளை விழுங்கிவிடும். அதனால் ஒளிப்படங்களுக்கு, ஒவ்வோர் இடத்துக்கும் அதன் சுற்றுப்புற வெளிச்சத்தைப் பார்த்துத் தனித்தனி எல்லை வகுக்கும் முறையே ஏற்றது. அதிலும் ஒரு விலை உண்டு. தாளின் சொரசொரப்பெல்லாம் கறும்புள்ளிகளாக எழும்பும். அவற்றைத் துடைக்கும்போது மெய்யெழுத்தின் புள்ளியும் காற்புள்ளியின் வாலும் சேர்ந்து துடைபடும். ஆங்கிலத்தில் ஒரு புள்ளி போனால் பெரும்பாலும் ஒரு நிறுத்தக்குறிதான் போகிறது. தமிழில் புள்ளி போனால் ‘தமிழ்’ என்பது ‘தமிழ’ ஆகிவிடுகிறது.

இத்தனையும் கடந்து வந்த படத்தை எழுத்துணரியிடம் கொடுக்கிறோம். இலவசமாகக் கிடைக்கும் டெஸராக்ட் என்ற நிரலில் அதற்கான கட்டளை இதுதான்:

```
tesseract page.png out -l tam+eng --psm 6 tsv
```

கடைசியில் உள்ள tsv முக்கியம். அது இருந்தால் சொற்கள் மட்டுமல்ல, ஒவ்வொரு சொல்லும் பக்கத்தில் எங்கே இருக்கிறது, அதை எவ்வளவு உறுதியோடு படித்தது என்ற எண்களும் கிடைக்கும். பட்டியல் வேலையில் அந்த எண்கள் சொற்களுக்குச் சமமான மதிப்புடையவை.

காரணம், அடுத்த வேலை பதிவுகளைப் பிரிப்பது. ஒரு பதிவு இரண்டு மூன்று வரிகளுக்கு நீளும். புதிய பதிவு எங்கே தொடங்குகிறது? அச்சுக்கோப்பவர் அதை ஏற்கெனவே காட்டியிருக்கிறார்: முதல் வரி ஓரத்தை ஒட்டி நிற்கும், மற்ற வரிகள் சற்று உள்ளே தள்ளி நிற்கும். ஒவ்வொரு வரியின் இடது தொடக்கத்தையும் எண்ணாக எழுதினால் அவை இரண்டு கூட்டங்களாகப் பிரிந்துவிடும். பக்கம் வளைந்திருந்தால் அந்த இரு கூட்டங்களும் ஒன்றோடொன்று கலந்துபோகும். பதிவுகள் தப்பாக ஒட்டிக்கொள்வதற்கு இதுவே பெருங்காரணம். பக்கத்தை நிமிர்த்தும் வேலையைப் படிப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பது இதனால்தான்.

வரிகளைச் சேர்க்கும்போது தமிழுக்கே உரிய தொல்லை ஒன்று வருகிறது. நம் அச்சில் சொல்லை வரிமுடிவில் உடைக்கும்போது பலர் இணைப்புக்கோடு போடுவதில்லை. ‘நூற்பதிப்’ என்று ஒரு வரி முடிந்து ‘பகம்’ என்று அடுத்தது தொடங்கினால், நடுவே இடைவெளி விடுவதா வேண்டாமா என்று கணினிக்குத் தெரியாது. இலக்கணம் இங்கே கைகொடுக்கும். புள்ளி வைத்த மெய்யெழுத்து தமிழ்ச் சொல்லின் முதலில் வராது. ண, ள, ற, ன, ழ வரிசைகளும் அப்படியே. ஒரு வரி அவற்றில் ஒன்றோடு தொடங்கினால் அது முந்தைய வரியின் தொடர்ச்சி என்று தைரியமாக ஒட்டலாம். முந்தைய வரி புள்ளி வைத்த வல்லினத்தில் முடிந்தாலும் சந்தேகப்பட வேண்டும். அது உடைந்த சொல்லாகவும் இருக்கலாம், சந்தியாகவும் இருக்கலாம். ‘க்ரியா’ போன்ற பதிப்பகப் பெயர்கள் நன்னூலுக்குக் கட்டுப்படாதவை. அவற்றை விதிவிலக்காகத் தனியே எழுதிவைக்க வேண்டியதுதான்.

இப்போது பதிவு ஒரே வரியாகிவிட்டது. இனித்தான் பிரிப்பு. ஒவ்வொரு சொல்லின் மேலும் ஒரு சீட்டு ஒட்டுவதாகவே கணினி இதைச் செய்கிறது:

```
வரதராசன்,    author
மு.,         author
தமிழ்        title
இலக்கிய     title
வரலாறு,     title
சாகித்திய    publisher
அகாதெமி,    publisher
புது         place
தில்லி,      place
1972.       year
```

கேட்கப்பட்டவை நான்கு கட்டங்கள்தாம்; ஆனால் ஊருக்கென்று ஐந்தாவது சீட்டு இல்லாவிட்டால் ‘புது தில்லி’ பதிப்பகத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்த பிறகு வேண்டாததைக் கழித்துக்கொள்ளலாம்.

பத்துச் சொல், ஐந்து சீட்டு. எல்லாச் சேர்க்கைகளையும் எண்ணினால் 97,65,625 வழிகள். ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியே முடிவெடுத்தால் வேலை எளிது, ஆனால் தப்பு மலியும். ‘தமிழ்’ என்ற சொல் நூல் தலைப்பிலும் வரும், தமிழ்ப் பல்கலைக்கழகம் என்று பதிப்பகத்திலும் வரும். அண்டையில் என்ன சீட்டு இருக்கிறது என்று பார்த்தால்தான் தீரும். லாஃபர்ட்டி, மெக்காலம், பெரேரா மூவரும் 2001இல் முன்வைத்த ‘கண்டிஷனல் ராண்டம் ஃபீல்டு’ என்ற முறை இதைத்தான் செய்கிறது: சொல்லுக்குச் சீட்டு எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு ஒரு மதிப்பெண், ஒரு சீட்டுக்குப் பின் இன்னொன்று வருவது எவ்வளவு இயல்பு என்பதற்கு ஒரு மதிப்பெண். ஆசிரியருக்குப் பின் தலைப்பு வருவது இயல்பு; ஆண்டுக்குப் பின் மீண்டும் தலைப்பு வருவது அபூர்வம். மொத்த மதிப்பெண் அதிகமுள்ள வரிசையே வெல்லும். தொண்ணூற்றேழு இலட்சம் வழிகளையும் நடந்து பார்க்க வேண்டியதில்லை. 1967இல் ஆண்ட்ரூ விட்டர்பி தந்த உத்தியின்படி, ஒவ்வொரு சொல்லிலும் முந்தைய ஐந்து சீட்டுகளையும் இப்போதைய ஐந்தையும் ஒப்பிட்டால் போதும். 25 ஒப்பீடுகள், ஒன்பது தடவை, மொத்தம் 225.

மதிப்பெண்கள் தடயங்களிலிருந்து வருகின்றன. நான்கு இலக்கமா, பின்னால் காற்புள்ளி உண்டா, ஒற்றை எழுத்தும் புள்ளியுமாக நிற்கும் தலைப்பெழுத்தா, பதிவின் தொடக்கமா முடிவா, ‘பதிப்பகம்’, ‘நிலையம்’, ‘கழகம்’, ‘அகாதெமி’ என்று முடிகிறதா. ஆங்கிலப் பட்டியல்களைப் பிரிக்கும் கருவிகளுக்குப் பெரிய எழுத்து என்ற வலுவான தடயம் இருக்கிறது. தமிழில் அது கிடையாது. எனவே காற்புள்ளிமீது பாரம் இரட்டிப்பாகிறது.

அந்தக் காற்புள்ளி தொலைந்தால்? ‘வரலாறு’ என்பதற்குப் பின்னால் உள்ளது நிழலில் மறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ‘சாகித்திய அகாதெமி’ என்ற இணையைக் கணினி முன்பே பலமுறை பார்த்திருந்தால் சமாளித்துவிடும். ஆனால் எழுத்துணரி துணைக்காலை ரகரமாகப் படிப்பது மிகப் பரவலான பிழை. அந்த இரண்டுக்கும் வடிவில் வேறுபாடு அவ்வளவு சிறியது. ‘சாகித்திய’ என்பது ‘சரகித்திய’ என்று வந்தால் அது கணினி அறியாத சொல். விளைவு இப்படி:

```
title:     தமிழ் இலக்கிய வரலாறு சரகித்திய
publisher: அகாதெமி
```

தனித்தனியே நேர்ந்திருந்தால் இரண்டையும் கணினி தாண்டியிருக்கும். சேர்ந்து வந்ததால் கவிழ்த்தன. இதைக் கண்டுபிடிப்பதும் கடினமல்ல: ‘அகாதெமி’, ‘நிலையம்’ என்று பொதுச்சொல் மட்டும் தனியே நிற்கும் பதிப்பகக் கட்டம் எப்போதும் சந்தேகத்துக்குரியது.

ஆண்டு எளிதான கட்டம் என்றுதான் தோன்றும். நான்கு இலக்கம், வேறென்ன? திருவள்ளுவர் ஆண்டு இருக்கிறதே! அது பொது ஆண்டோடு 31 கூட்டியது. 1972இல் வெளிவந்த நூலில் ‘தி.ஆ. 2003’ என்றும் அச்சிட்டிருக்கலாம். 2003 என்பது ஓர் ஆண்டாக முழுக்க நம்பக்கூடிய எண். கணினி துளியும் தயங்காது. முன்னால் உள்ள ‘தி.ஆ.’, ‘தி.பி.’ போன்ற சுருக்கங்களையும் சேர்த்துப் பார்த்தால் மட்டுமே இது பிடிபடும். பழைய நூல்களில் தமிழ் எண்களே வரும். அவற்றில் ஒன்று க போலவும், இரண்டு உ போலவும், ஏழு எ போலவும், எட்டு அ போலவும் இருக்கும். ௧௮௮௭ என்று அச்சிட்டிருப்பதை எழுத்துணரி ‘கஅஅஎ’ என்று படித்துத் தரும். பதிவின் கடைசியில் இப்படிப் பொருளற்ற எழுத்துக்கோவை நின்றால் அதை எண்ணாக மாற்றிப் பார்ப்பது நல்லது. 1887 என்று வந்தால் ஐயம் தீர்ந்தது.

படத்தை நேராகப் பார்த்தே நான்கு கட்டங்களையும் நிரப்பித்தரும் பெரிய மொழி மாதிரிகள் இப்போது வந்துவிட்டன. ‘சரகித்திய’வை அவை கேட்காமலே திருத்திவிடும். எனக்கு அதில்தான் உறுத்தல். மங்கிய ஆண்டையும் அதே தாராளத்தோடு ஊகித்து நிரப்பக்கூடும். பிழை பிழையாகத் தெரியாது. அவை தரும் ஒவ்வொரு கட்டத்தின் சொற்களும் எழுத்துணரி தனியே படித்த வரியில் ஏறக்குறைய இருக்கின்றனவா என்று ஒத்துப்பார்ப்பதே தற்காப்பு.

இதைவிட நல்ல சோதனை பட்டியலுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு நூலின் பட்டியலை ஒருவரே ஒரே முறையில் அமைத்திருப்பார். முப்பது பதிவுகளில் இருபத்தெட்டு ‘ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஊர், ஆண்டு’ என்று வந்து இரண்டு மட்டும் மாறி வந்தால் அந்த இரண்டைத்தான் முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். அகரவரிசையும் அப்படியே. வரதராசன் ‘லரதராசன்’ ஆகிவிட்டால் வகரப் பெயர்களுக்கு நடுவே லகரம் ஒன்று நிற்கும். வரிசை பிசகியதை ஒப்பிட்டாலே அகப்படும்.

ஒரே ஆசிரியரின் அடுத்த நூலுக்குப் பெயருக்குப் பதில் நீண்ட கோடு போடுவார்கள். அங்கே மேலே உள்ள பெயரைக் கீழே இறக்க வேண்டும். படம்பிடித்த பக்கத்தின் முதல் பதிவே கோட்டில் தொடங்கினால் இறக்குவதற்குப் பெயர் கிடையாது, அது முந்தைய பக்கத்தில் இருக்கிறது. அந்த ஆசிரியர் கட்டத்தைக் காலியாக விட்டு, முந்தைய பக்கத்தையும் படம்பிடித்து வர வேண்டும்.