நானூற்று ஐம்பது நிமிடத்தில் மெஷின் உழைத்தது எவ்வளவு?

அம்பத்தூர் பக்கம் ஒரு சின்ன மோல்டிங் யூனிட். 150 டன் இன்ஜெக்‌ஷன் மெஷின் ஒன்றில் பாலிபுரொப்பிலீனில் டப்பா மூடி அடிக்கிறார்கள். நான்கு கேவிட்டி மோல்டு, அதாவது ஒரு ஷாட்டுக்கு நான்கு மூடி. பகல் ஷிப்ட் முடிந்ததும் லாக் புக்கைப் பார்த்தேன். மோல்டு மாற்றியது 48 நிமிடம், ஹீட்டர் பேண்ட் போனது 24 நிமிடம், மெட்டீரியல் வராமல் காத்திருந்தது 18 நிமிடம் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, 'மற்றபடி மெஷின் நன்றாக ஓடியது'.

அந்த 'மற்றபடி'யைத்தான் இந்தக் கட்டுரையில் பிரித்துப் பார்க்கப் போகிறோம். அதற்கான கணக்குக்கு ஓ.இ.இ. என்று பெயர். ஒட்டுமொத்தக் கருவிப் பயன்திறன் என்று தமிழில் சொல்லலாம். ஜப்பானில் தொழிற்சாலைப் பராமரிப்பு முறைகளை வகுத்த சீயிச்சி நகாஜிமா பரப்பிய அளவுகோல் இது. மெஷினின் நேரம் மூன்று வழிகளில் வீணாகிறது: நின்று போகிறது, மெதுவாக ஓடுகிறது, கெட்ட பொருளை அடிக்கிறது. மூன்றுக்கும் தனித்தனி விகிதம் கண்டு, மூன்றையும் பெருக்க வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம். சிரமமெல்லாம் அந்த மூன்று விகிதங்களை உண்மையாகக் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது.

முதலில் நின்ற நேரம். எட்டு மணி நேர ஷிப்டில் சாப்பாடு, டீ என்று 30 நிமிடம் மெஷினை நிறுத்துவது முன்பே முடிவு செய்தது. அதைக் கழித்தால் 450 நிமிடம். இதுதான் நமது கையிருப்பு. லாக் புக்கில் உள்ள மூன்று நிறுத்தங்களைக் கூட்டினால் 90 நிமிடம். மீதி 360 நிமிடம் ஓடியிருக்கிறது. 450-க்கு 360 என்றால் 80 சதவீதம். மோல்டு மாற்றும் 48 நிமிடம் எங்கே முடிகிறது என்பதில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். புது மோல்டை ஏற்றி போல்ட்டை இறுக்கியதோடு அது முடிவதில்லை. முதல் நல்ல மூடி விழும்போதுதான் முடிகிறது. இடையில் செட்டிங்குக்காக அடித்த ஷாட்டுகளின் நேரம் ஏற்கெனவே இந்த 48-க்குள் வந்துவிட்டது. அந்த மூடிகளை ரிஜெக்‌ஷனிலும் எழுதினால் ஒரே நஷ்டத்தை இரண்டு முறை கழித்ததாகிவிடும். அதனால் இந்த யூனிட்டில் முதல் நல்ல மூடி விழுந்ததும் கவுண்டரைப் பூஜ்ஜியமாக்குகிறார்கள். நல்ல வழக்கம்.

நின்ற நேரம் எல்லோர் கண்ணிலும் படும். மெஷின் சத்தம் நின்றாலே மேனேஜர் வந்துவிடுவார். வேக நஷ்டம் அப்படியில்லை. மெஷின் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இந்த மூடிக்கு நிர்ணயித்த சைக்கிள் டைம் 20 நொடி. மோல்டு மூட 2, பிளாஸ்டிக்கை உள்ளே தள்ள 2, அழுத்தம் கொடுத்துப் பிடித்து வைக்க 3, குளிர 9, திறந்து மூடியைத் தள்ளிவிட 4. பெரும்பங்கு குளிர்வதற்குத்தான். கணக்கு இப்போது எளிது: 360 நிமிடம் என்பது 21,600 நொடி. 20 நொடிக்கு ஒரு ஷாட் என்றால் 1,080 ஷாட் வந்திருக்க வேண்டும். கவுண்டரில் இருந்தது 900. ஆக, வேகம் 83.3 சதவீதம். 180 ஷாட், அதாவது ஒரு மணி நேர வேலை, 'நன்றாக ஓடியது' என்ற வரிக்குள் காணாமல் போயிருக்கிறது.

எங்கே போனது? மெஷினின் திரையில் சைக்கிள் டைம் 22 நொடி என்று காட்டியது. 900 ஷாட்டுக்கும் இரண்டிரண்டு நொடி கூடுதல் என்றால் 1,800 நொடி. சரி, அரை மணி நேரம் கிடைத்துவிட்டது. மீதி அரை மணி நேரம்?

அதற்கு மெஷின் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். ஒரு மூடி மோல்டை விட்டு விழாமல் ஒட்டிக்கொள்கிறது. அலாரம் அடிக்கிறது. ஆபரேட்டர் பாதுகாப்புக் கதவைத் தள்ளி, பித்தளைக் கம்பியால் மூடியை நெம்பி எடுக்கிறார் (இரும்புக் கம்பி பட்டால் மோல்டில் கீறல் விழும்), கதவை மூடி மறுபடி ஆட்டோவில் போடுகிறார். 45 நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. இதை யாரும் லாக் புக்கில் எழுத மாட்டார்கள். எழுதச் சொல்வதும் நியாயமில்லை. எழுதுவதற்கே அதைவிட அதிக நேரம் பிடிக்கும். ஆனால் ஒரு ஷிப்டில் இப்படி 40 தடவை நடந்தால் அரை மணி நேரம் போய்விடும். குட்டி நிறுத்தங்களை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலும், கழித்துக் கண்டுபிடிக்கலாம். ஓடிய நேரத்திலிருந்து, ஷாட் எண்ணிக்கையைத் திரையில் உள்ள சைக்கிள் டைமால் பெருக்கிக் கழித்தால் மிஞ்சுவது இதுதான்.

கேவிட்டி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நான்கில் ஒன்று பழுதானால் அதற்குப் பிளாஸ்டிக் போகும் வழியை அடைத்துவிட்டு மூன்றோடு ஓட்டுவது பட்டறைகளில் சகஜம். அப்போது ஷாட் கவுண்டர் அதே 900-ஐத்தான் காட்டும், வேகமும் அதே 83 சதவீதம் என்று வரும். ஆனால் கையில் கிடைப்பது 3,600 மூடி இல்லை, 2,700 தான். மூடிக் கணக்கில் பார்த்தால் வேகம் 62.5 சதவீதம். மோல்டிங் மெஷினில் ஷாட்டை எண்ணாமல் பீஸை எண்ண வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அன்று நான்கு கேவிட்டியும் ஓடின. 3,600 மூடியில் 180 ரிஜெக்ட். தரம் 95 சதவீதம். ரிஜெக்‌ஷனைப் பற்றி இந்தத் தொழிலில் ஒரு பழகிப்போன ஆறுதல் உண்டு: 'கிரைண்டர்ல போட்டா திரும்ப மெட்டீரியல்தானே?' மெட்டீரியல் திரும்பும், உண்மைதான். மெஷின் நேரம் திரும்பாது. 180 மூடி என்பது 45 ஷாட். 20 நொடிக் கணக்கில் 15 நிமிடம். அத்தனை நேரமும் கிரைண்டருக்காகவே மெஷின் ஓடியிருக்கிறது.

இப்போது பெருக்கலாம். 80, 83.3, 95 சதவீதங்களைப் பெருக்கினால் 63.3 வருகிறது. எனக்கு இதை நிமிடத்தில் பார்ப்பதுதான் பிடிக்கும். 450 நிமிடத்தில் நின்றது 90, மெதுவான சைக்கிளில் போனது 30, குட்டி நிறுத்தங்களில் 30, ரிஜெக்ட்டில் 15. மீதி 285 நிமிடம்தான் நல்ல மூடிக்காக மெஷின் உழைத்தது. 450-க்கு 285 என்று வகுத்தாலும் அதே 63.3. சதவீதத்தைச் சொன்னால் ஆபரேட்டருக்கு அது ஆபீஸ் கணக்கு. நிமிடத்தைச் சொன்னால், எந்த அரை மணி நேரம் என்று அவரே கேட்பார்.

எந்த அரை மணி நேரத்தை முதலில் பிடிப்பது? ஷிப்ட் சூப்பர்வைசர் அந்த 22 நொடியைப் பிடித்தார்.

"தம்பி, கூலிங் எதுக்கு பதினொண்ணுல இருக்கு?"

"மூடி வளையுதுண்ணே. ரெண்டு செகண்ட் ஏத்துனா அடங்குது. போன வாரம் நைட் ஷிப்ட்லயே ஏத்திட்டாங்க."

ஆபரேட்டர் செய்தது தவறில்லை. சூடு தணியாமல் வெளியே வரும் மூடி வளையும். குளிரும் நேரத்தைக் கூட்டினால் வளைவு குறையும். ஆனால் அது வலி மாத்திரை மாதிரி. ஒரு வாரத்தில் எல்லோரும் 22-க்குப் பழகிவிட்டார்கள். இப்படியே இன்னும் சில மாதம் போனால் 22 தான் அந்த மூடியின் சைக்கிள் டைம் என்று ஷீட்டில் ஏறிவிடும். ஏறினால் என்ன நடக்கும் தெரியுமா? அதே ஷிப்டின் வேகம் 83.3-லிருந்து 91.7 ஆகும். ஓ.இ.இ. 63.3-லிருந்து 69.7-க்குத் தாவும். ஒரு மூடிகூடக் கூடுதலாக வந்திருக்காது. ஓ.இ.இ.யில் பொய் நுழைவதற்கு இதைவிட அகலமான வாசல் கிடையாது. அதனால் மோல்டு நல்ல நிலையில் இருந்தபோது, நல்ல பீஸோடு ஓடிய வேகமான சைக்கிளைத்தான் அளவாக வைக்க வேண்டும். சமீபத்திய சராசரியை அல்ல. எப்போதாவது வேகம் 100 சதவீதத்தைத் தாண்டினால், பெருமைப்படுவதற்கு முன் ஷீட்டில் உள்ள சைக்கிள் டைமைச் சரிபாருங்கள்.

அப்புறம் சூப்பர்வைசர் ரிஜெக்ட் கூடையைக் கவிழ்த்தார். ஒவ்வொரு மூடியின் உள்பக்கமும் கேவிட்டி எண் பொடி எழுத்தில் பதிந்திருக்கும். 180-இல் ஏறக்குறைய 80 ஷார்ட் ஷாட், பிளாஸ்டிக் முழுதாக நிரம்பாதவை; அவை பெரும்பாலும் ஹீட்டர் மாற்றிய பிறகு வந்தவை. மீதி நூறும் வளைந்தவை. அவற்றில் பெரும்பாலானவற்றில் '3' என்று இருந்தது. பிளாஸ்டிக்கிலோ மெஷின் செட்டிங்கிலோ கோளாறு என்றால் நான்கு எண்களும் கலந்து வந்திருக்கும். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அந்தக் கேவிட்டியைச் சுற்றி ஓடும் தண்ணீரைச் சந்தேகப்பட வேண்டும். மூன்றாவது கேவிட்டியின் ஹோஸைக் கழற்றி வாளியில் பிடித்தபோது மற்ற வழிகளில் வருவதில் பாதிகூட வரவில்லை. உப்புத் தண்ணீர் தந்த சுண்ணாம்புப் படிவம். எஃகைவிட மிக மெதுவாகவே அது வெப்பத்தைக் கடத்தும். துளையையும் குறுக்கி ஓட்டத்தையும் கெடுக்கும். மற்ற மூன்று கேவிட்டிகளும் 9 நொடியில் தயாராகிவிட்டு, இந்த ஒன்றுக்காக 2 நொடி காத்திருந்தன.

ஆக, வேகத்தில் எழுதிய 30 நிமிடமும் தரத்தில் எழுதிய 15 நிமிடத்தில் பாதியும் ஒரே அடைப்பிலிருந்து வந்தவை. குட்டி நிறுத்தமும் தனியாக வருவதில்லை. கதவு திறந்திருக்கும் 45 நொடியில் பேரலுக்குள் உருகிய பிளாஸ்டிக் கூடுதலாகச் சூடேறும், மோல்டு ஆறும். அடுத்த இரண்டு மூன்று ஷாட்டின் அளவு மாறக்கூடும். மூன்று விகிதங்களையும் மூன்று துறைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு, அவரவர் எண்ணை அவரவர் உயர்த்தட்டும் என்று விட்டால் இந்தத் தொடர்பு யாருக்கும் தெரியாது. அப்படி விட்ட இடங்களில் முதலில் நடப்பது, கூலிங்கை வெட்டி வேகத்தை ஏற்றுவதுதான்.

85 சதவீதம் எட்டினால் உலகத்தரம் என்று ஒரு பேச்சு உண்டு. அது நகாஜிமா சொன்ன 90, 95, 99 என்ற மூன்று இலக்குகளின் பெருக்கல். மாதம் முழுக்க ஒரே மோல்டு ஓடும் மெஷினுக்கும், ஷிப்டுக்கு மூன்று மோல்டு மாறும் மெஷினுக்கும் அதே எண்ணை நிர்ணயிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே மெஷினை, ஒரே மோல்டோடு, போன மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

மறுநாள் மூன்றாவது வழியில் படிவத்தைக் கரைக்கும் அமிலக் கரைசலைச் சுற்றவிட்டு, கழுவி, கூலிங்கை மறுபடி 9 நொடிக்குக் கொண்டு வந்தார்கள். திரையில் 20 வந்தது. ஆனால் அன்று சாயங்காலமே கணக்கை முடிக்க சூப்பர்வைசர் ஒப்பவில்லை. பாலிபுரொப்பிலீன் மோல்டை விட்டு வந்த பிறகும் ஒரு நாள்வரை சுருங்கிக்கொண்டே இருக்கும். சூடாகப் பார்க்கும்போது தட்டையாக இருக்கும் மூடி காலையில் வளைந்திருக்கலாம். கேவிட்டிக்கு ஐந்தாக இருபது மூடிகளை எடுத்து, தேதி எழுதி ரேக்கில் வைத்தார்கள். அடுத்த நாள் காலை அவற்றைக் கண்ணாடிப் பலகையில் கவிழ்த்து, ஓரத்தில் விரலால் தட்டிப் பார்த்தார். மூன்றாம் எண்ணில் ஒன்று மட்டும் லேசாக ஆடியது. அதை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, முந்தின நாள் பக்கத்தைப் புரட்டி ரிஜெக்ட் கட்டத்தைத் திருத்தச் சொன்னார்.