‘தாளித்து, வறுத்து, பிரட்டி…’: பத்தியில் இருக்கும் சமையல் குறிப்பை அட்டையாக மாற்றும்போது

நம் வீட்டுச் சமையல் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே பத்தியாகத்தான் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. வத்தக்குழம்புக் குறிப்பு ஒன்று இப்படி இருக்கும்:

“எலுமிச்சம்பழ அளவு புளியை ஊறவைத்துக் கரைத்துக்கொள்ளவும். வாணலியில் நல்லெண்ணெய் விட்டு, கடுகு, வெந்தயம், துவரம்பருப்பு, மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, சுண்டைக்காய் வற்றலை வறுத்து, சாம்பார் பொடி போட்டுப் பிரட்டி, புளித்தண்ணீரை விட்டு, உப்பு போட்டுக் கொதிக்கவிடவும். கெட்டியாகாவிட்டால் அரிசி மாவைக் கரைத்து விடலாம். எண்ணெய் பிரிந்து வந்ததும் இறக்கவும். பொடி கருகினால் கசக்கும்.”

சமைக்கத் தெரிந்தவருக்கு இதுவே போதும். புதிதாகச் சமைப்பவர், பொடி கருகக் கூடாது என்பதைக் குழம்பை இறக்கிய பிறகுதான் படிப்பார்.

இதை அட்டையாக்க உட்காருபவர்கள் முதலில் பொருள்களைப் பட்டியல் போடத் தொடங்குவார்கள். அதற்கு முன்னால் வினைச்சொற்களுக்கு அடிக்கோடு போடுவது நல்லது. தமிழில் ‘விட்டு, தாளித்து, வறுத்து, பிரட்டி’ என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம்; வாக்கியம் முடிய வேண்டிய அவசியமே இல்லை. மேலே உள்ள இரண்டாவது வாக்கியம் ஒன்றுதான், ஆனால் அதற்குள் எட்டு வேலைகள் இருக்கின்றன. ஒவ்வொரு எச்சத்தையும் தனியே எடுத்து, ‘இது முடிந்தது என்று எப்படித் தெரியும்?’ என்று கேட்டுப் பாருங்கள். கடுகுக்கு வெடிப்பு, பருப்புக்குச் சிவப்பு நிறம், புளிக்குப் பச்சை வாசனை அடங்குவது என்று பதில்கள் வரும். அந்த அடையாளம்தான் படியின் முதுகெலும்பு. நிமிடக்கணக்கு அதற்குத் துணை மட்டுமே, ஏனென்றால் அடுப்புக்கு அடுப்பு, வாணலிக்கு வாணலி அது மாறும்.

பெயரெச்சம் இன்னும் தந்திரமானது. ‘வறுத்து அரைத்த மசாலா’ என்று மூன்று சொல்லில் எழுதிவிட்டால், அரை மணி நேர வேலை ஒரு பொருளின் பெயருக்குள் ஒளிந்துகொள்ளும். அப்படி வந்தால் அதைத் தனிப் படியாக வெளியே கொண்டுவர வேண்டும்.

அடுத்தது அளவு. ‘எலுமிச்சம்பழ அளவு’, ‘தேவையான உப்பு’, ‘தாராளமாக எண்ணெய்’ ஆகியவற்றை மேசையில் உட்கார்ந்து எண்ணாக மாற்றக் கூடாது. ஊகித்து எழுதிய எண், சொல்லாமல் விட்டதைவிட மோசம். படிப்பவர் அதை நம்பிவிடுவார். குறிப்புக்கு உரியவர் வழக்கம்போலச் சமைக்கட்டும். உப்பு டப்பாவையும் எண்ணெய்ப் பாத்திரத்தையும் சமைப்பதற்கு முன்னும் பின்னும் சமையலறைத் தராசில் நிறுத்துவிடுங்கள். வித்தியாசம்தான் அளவு, கை அளவை மாற்றச் சொல்லி அவரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. உப்பு போல ஓரிரு கிராமில் ருசி மாறும் பொருளுக்குத் தராசு 1 கிராம் வரையாவது காட்ட வேண்டும்.

‘கப்’ என்றால் எந்தக் கப் என்பதையும் எழுத வேண்டும். அளவுக் கோப்பைகள் 240 மில்லி, 250 மில்லி என இரண்டு விதமாக வருகின்றன. ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லிதான். ‘ஸ்பூன்’ என்றால் 5 மில்லி டீஸ்பூனா, 15 மில்லி டேபிள்ஸ்பூனா? சாம்பார் பொடியில் இது மூன்று மடங்கு வித்தியாசம்.

இப்படி அளந்து முடித்ததும் நான்கு பேருக்கான அட்டை ஏறத்தாழ இப்படி அமையும். (1 கப் = 240 மில்லி)

| பொருள் | அளவு | எப்படி இருக்க வேண்டும் |
|---|---|---|
| புளி | 30 கிராம் | 1 கப் வெந்நீரில் 20 நிமிடம் ஊறியது |
| தண்ணீர் | 1½ கப் | புளியைக் கரைக்க |
| நல்லெண்ணெய் | 1 + 3 டேபிள்ஸ்பூன் | வற்றலுக்கு 1, தாளிக்க 3 |
| சுண்டைக்காய் வற்றல் | 2 டேபிள்ஸ்பூன் | |
| கடுகு | 1 டீஸ்பூன் | |
| துவரம்பருப்பு | 1 டீஸ்பூன் | |
| வெந்தயம் | ½ டீஸ்பூன் | |
| காய்ந்த மிளகாய் | 2 | கிள்ளியது |
| பெருங்காயத்தூள் | ¼ டீஸ்பூன் | |
| கறிவேப்பிலை | 1 கொத்து | ஈரமில்லாமல் |
| சாம்பார் பொடி | 4 டீஸ்பூன் | |
| உப்பு | ¾ டீஸ்பூன் | |
| அரிசி மாவு (தேவைப்பட்டால்) | 1 டீஸ்பூன் | 2 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்தது |

1. ஊறிய புளியைப் பிசைந்து, 1½ கப் தண்ணீர் சேர்த்துக் கரைத்து வடிகட்டி, அடுப்பருகே வைக்கவும்.
2. 1 டேபிள்ஸ்பூன் எண்ணெயில் வற்றலை, மிதமான தீயில், நன்றாகக் கறுத்து வரும் வரை வறுத்துத் தனியே எடுக்கவும்.
3. மீதி 3 டேபிள்ஸ்பூன் எண்ணெயைக் காயவைத்துக் கடுகு போடவும். வெடித்ததும் பருப்பு, பருப்பு சிவந்ததும் வெந்தயம், மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை.
4. தீயை மிகவும் குறைக்கவும். சாம்பார் பொடி போட்டு, 10 நொடி பிரட்டி, உடனே புளித்தண்ணீரை ஊற்றவும்.
5. உப்பு போட்டு, மிதமான தீயில் 15 நிமிடம் போலக் கொதிக்கவிடவும். புளியின் பச்சை வாசனை போய், ஓரத்தில் எண்ணெய் பிரிய வேண்டும். நீர்க்கவே இருந்தால் அரிசி மாவுக் கரைசலை ஊற்றி 2 நிமிடம் கொதிக்கவிடவும்.
6. வறுத்த வற்றலைப் போட்டு இறக்கவும். உப்பைச் சரிபார்க்கவும்.

பத்தியில் இல்லாத சில முடிவுகள் இதில் இருக்கின்றன. அட்டவணை, பொருள்கள் பயன்படும் வரிசையிலேயே போகிறது. சமைப்பவர் மேலிருந்து கீழாக எடுத்துவைத்தால் போதும். பத்தியில் எண்ணெய் விடுவது ஒரு தரம்தான் வந்தது, அட்டையில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. மொத்தமாக 4 டேபிள்ஸ்பூன் என்று மட்டும் எழுதியிருந்தால் முழுவதையும் முதலிலேயே ஊற்றிவிடுவார்கள். புளியைக் கரைக்க எவ்வளவு தண்ணீர் என்பது பத்தியில் எங்குமே வரவில்லை. பத்திக் குறிப்புகளில் அது எளிதில் விடுபட்டுவிடும்.

நான்காவது படியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ‘பொடி கருகினால் கசக்கும்’ என்ற எச்சரிக்கை அங்கே ‘தீயை மிகவும் குறைக்கவும்’ என்ற கட்டளையாகி, பொடிக்கு முன்னால் வந்துவிட்டது. புளித்தண்ணீரை அருகில் வைக்கச் சொல்லி முதல் படியிலேயே எழுதியதும் இதற்காகத்தான். காய்ந்த எண்ணெயில் பொடி கிடக்கும்போது புளியைத் தேடப் போனால் குழம்பு கெட்டது.

வற்றலின் வரிசை மாறியது வேறு வகை. பத்தியில் உள்ளபடி தாளித்த பிறகு வற்றலை வறுத்தால், அது கறுப்பதற்குள் வெந்தயம் கருகிக் கசக்கும். இது எழுத்தைச் சீர்படுத்துவது அல்ல, செய்முறையையே மாற்றுவது. குறிப்புக்கு உரியவரிடம் கேட்க வேண்டும். அவர் கைக்கு அந்த வரிசையே சரியாக வரலாம். கேட்க ஆள் இல்லையென்றால், ‘மூலக் குறிப்பில் வற்றல் தாளித்த பிறகு வறுபடுகிறது’ என்று அட்டையின் அடியில் ஒரு வரி எழுதிவிடுங்கள். பழைய பத்தியையும் தூக்கிப் போடாதீர்கள். அட்டையின் பின்பக்கம் அப்படியே இருக்கட்டும்.

முடித்ததும் பென்சிலோடு ஒரு சரிபார்ப்பு: படிகளைப் படித்துக்கொண்டே, வரும் ஒவ்வொரு பொருளையும் அட்டவணையில் அடியுங்கள். அடிபடாமல் ஒரு வரி நின்றால், அது எந்தப் படியிலோ விட்டுப்போயிருக்கிறது. அட்டவணையில் இல்லாத பொருள் படியில் வந்தால், கடைக்குப் போனவர் அதை வாங்கியிருக்க மாட்டார். பிறகு இந்தக் குழம்பை வைத்தே இராத ஒருவரிடம் அட்டையைக் கொடுத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் எங்கே நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்தப் படியில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. இந்த அட்டையில் அநேகமாக அது உப்பாக இருக்கும். சுண்டைக்காய் வற்றலைப் பெரும்பாலும் உப்பு போட்ட மோரில் ஊறவைத்துத்தான் காயவைக்கிறார்கள். ஒவ்வொரு கடை வற்றலிலும் உப்பு ஒரே அளவாக இருப்பதில்லை. அதனால்தான் வழக்கத்தைவிடக் குறைத்து ¾ டீஸ்பூன் என்று போட்டு, கடைசிப் படியில் சரிபார்க்கச் சொல்கிறது. அந்தக் காரணத்தை உப்பு வரியின் மூன்றாவது கட்டத்தில் ‘வற்றலிலும் உப்பு உண்டு’ என்று எழுதிவிட்டால், அடுத்தவர் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்காது.