நியூட்டன் பிறந்தது 1642-இலா, 1643-இலா?

வரலாற்று மனிதர் ஒருவரைப் பற்றிக் குறிப்பு அட்டை தயாரிக்கும்போது எட்டு வரிக்கு மேல் போக நான் விடுவதில்லை. கட்டுரையில் ஒரு தகவல் அரைகுறையாக இருந்தாலும் அடுத்த வாக்கியம் அதைச் சரிக்கட்டிவிடும். அட்டையிலோ ஒவ்வொரு வரியும் தனியாக நிற்கிறது. படிப்பவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விடுவார். அதனால் விளக்கம் இல்லாமல் நிற்க முடியாத தகவலுக்கு ஒரு சிறு குறிப்பைச் சேர்ப்பேன். அதற்கு இடமில்லையென்றால் தகவலையே எடுத்துவிடுவேன்.

ஐசக் நியூட்டனின் அட்டையில் முதல் வரியிலேயே சிக்கல் வந்துவிடும். அவர் பிறந்தபோது இங்கிலாந்தில் இருந்தது ஜூலியன் நாட்காட்டி. அதன்படி 1642 டிசம்பர் 25. ஐரோப்பாவின் பல நாடுகள் அப்போதே ஏற்றிருந்த, இன்று நாமும் பயன்படுத்தும் கிரிகோரியன் கணக்கில் அதே நாள் 1643 ஜனவரி 4. இரண்டும் சரிதான். இறந்த நாள் இன்னும் மோசம்: ஜூலியனில் மார்ச் 20, கிரிகோரியனில் 1727 மார்ச் 31. அன்றைய இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25-இல்தான் தொடங்கியது. எனவே அக்கால ஆவணங்களில் அந்த மார்ச் 20, 1726-ஐச் சேர்ந்தது.

ஓர் அட்டையில் இந்தக் கணக்குகள் கலந்துவிட்டனவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வயதைக் கணக்கிட்டுப் பாருங்கள். அவர் வாழ்ந்தது 84 ஆண்டுகள். 1642 டிசம்பர் 25, 1726 மார்ச் 20 என்று எழுதியிருந்தால் 83 தான் வரும். ஆனால் பிறப்பை ஜூலியனிலும் இறப்பை கிரிகோரியனிலும் போட்டிருந்தால் வயது 84 என்றே வரும். கலப்படம் வெளியே தெரியாது. அதற்கு ஒரே வழி, ஒரு நாட்காட்டியைத் தேர்ந்து அட்டை முழுதும் அதையே வைத்து, அந்த நாட்காட்டியின் பெயரை அடைப்புக்குறிக்குள் போடுவதுதான். நான் கிரிகோரியனை வைப்பேன்.

இந்தக் குழப்பத்தில் பிறந்ததுதான் 'கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார்' என்ற அழகான வரி. கலிலியோ இறந்தது கிரிகோரியன் கணக்கில் 1642 ஜனவரி 8. இத்தாலிக்கு ஒரு நாட்காட்டி, இங்கிலாந்துக்கு வேறொன்று என்று வைத்தால்தான் இரண்டும் ஒரே ஆண்டில் விழும். பலருக்கும் பிடித்த வரி என்று தெரியும், இருந்தாலும் அடித்துவிடுவேன்.

ஆப்பிளையும் எடுத்துவிடுவேன். முதிய வயதில் நியூட்டனே நண்பர்களிடம் சொன்ன கதைதான் அது. ஆனால் அட்டையில் 'ஆப்பிள்' என்று போட்டாலே அது அவர் தலையில் விழுந்ததாகத்தான் படிப்பவர் நினைப்பார். அப்படி அவர் சொல்லவில்லை.

மிச்சமாகும் இடத்தில் அவருடைய நூல்களான 'பிரின்சிபியா' (1687), 'ஆப்டிக்ஸ்' (1704), ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் தலைவர் பதவி (1703 முதல்) ஆகியவற்றோடு பலரும் விட்டுவிடும் ஒன்றையும் சேர்ப்பேன்: 1696 முதல் இறக்கும்வரை அவர் அரசு நாணயச்சாலையில் உயர்பதவியில் இருந்தார். வாழ்க்கையில் முப்பது ஆண்டுகள் அது. 1705-இல் கிடைத்த 'சர்' பட்டத்தை 'ஆப்டிக்ஸ்' வரிக்கு அடுத்து வைக்கமாட்டேன். பக்கத்தில் வைத்தாலே அந்த நூலுக்குக் கிடைத்த பரிசுபோல் ஆகிவிடும்.