நெத்தியில கருத்த திட்டு: குங்குமப் பாக்கெட்ல "100% சுத்தமானது"ன்னு போட்டிருந்தா போதுமா?

திருவிழா சீசன் வந்தா ரங்கூன்ல என் கிளினிக்குக்கு ஒரே மாதிரி கேஸ் வரிசையா வருது, இந்த வருஷம் ரொம்பவே ஜாஸ்தி. பொட்டு வைக்கிற இடத்துல அரிப்பு, அப்புறம் தோல் தடிச்சுப் போறது, கடைசில நீலமும் கருப்பும் கலந்த மாதிரி ஒரு திட்டு. எல்லாரும் ஒரே பதில்தான் சொல்றாங்க. "டாக்டரம்மா, நான் கண்ட க்ரீம் எதுவும் போடல, குங்குமமும் மஞ்சளும் சந்தனமும் மட்டும்தான், அதுவும் பூஜை சாமான் கடையில வாங்கின சுத்தமானது." அந்த "மட்டும்தான்"ல தான் வியாதியே இருக்கு, அதை யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க.

ஒரு கேஸ் சொல்றேன், ஆள் அடையாளம் மாத்தியிருக்கேன். தாம்வேயில இருந்து ஒரு அக்கா வந்தாங்க, நாப்பது வயசு தாண்டினவங்க. முதல்ல பொட்டு இடத்துலயும் வகிட்டுலயும் அரிப்பு. உடம்பு சூடுன்னு நெனச்சு சந்தனம் குழைச்சுப் பூசியிருக்காங்க, எரிச்சல் கூடிடுச்சு. மருந்துக்கடையில கேட்டா ஒரு ட்யூப் குடுத்திருக்காங்க, ஸ்டீராய்டு, போட்ட நாளெல்லாம் நல்லா இருந்துச்சாம், நிறுத்தினதும் முன்ன விட மோசம். (இந்த ட்யூப் கதையை பத்தி தனியா ஒரு நாள் நிறைய திட்டணும்.) அதுக்குள்ள நெத்தி கருக்க ஆரம்பிச்சாச்சு, உடனே கருப்பை எடுக்க கஸ்தூரி மஞ்சள். என்கிட்ட வரும்போது நெத்தி முழுக்க பரவி கன்னம் வரைக்கும் வந்திருந்துச்சு, குங்குமம் மட்டும் அப்பவும் தினமும் வச்சுக்கிட்டுதான் இருந்தாங்க. "சாமிக்கு வைக்கிறதுதானே, அது எப்படிம்மா கெடுதல் பண்ணும்?"

இந்த ஒரு கேள்விக்குத்தான் நான் கொஞ்சம் நீளமா பதில் சொல்லப் போறேன், பொறுமையா படிங்க. சாமிக்கு வைக்கிற பொருள் சுத்தமா இருக்கணும்ங்கிறது நம்ம பக்தி. அதைக் கலந்து பாக்கெட்ல போட்டு விக்கிறவனுக்கு அந்தக் கட்டாயம் இல்ல. பாக்கெட்டை எடுத்து ஒரு தடவை முழுசா படிச்சுப் பாருங்க. முன்னாடி பெரிய எழுத்துல "100% சுத்தமானது", "இயற்கையானது", "கோயில் தரம்"னு இருக்கும், அம்மன் படம் இருக்கும். பின்னாடி திருப்பினா சின்ன எழுத்துல "பூஜைக்கு மட்டும்". சேர்மானம் என்னன்னு இருக்காது, தயாரிச்ச தேதி இருக்காது, பல பாக்கெட்ல விலாசம் கூட இருக்காது. சாப்பாட்டுப் பொருள்னா சாப்பாட்டுச் சட்டம் வரும், மூஞ்சிக்குப் பூசுறதுன்னா அழகுசாதனச் சட்டம் வரும். "பூஜைக்கு மட்டும்"னு போட்டுட்டா ரெண்டுல இருந்தும் நழுவிக்கலாம், அதுக்குத்தான் அந்த வரி. முன்னாடி இருக்கிற "சுத்தமானது"க்கு யாரும் பொறுப்பு கிடையாது.

"தாழம்பூ குங்குமம்"னா உள்ள தாழம்பூ இருக்குன்னு நினைக்கிறீங்களா? பெரும்பாலும் சென்ட். தோல் அலர்ஜியில சாயத்துக்கு அடுத்தபடியா நாங்க சந்தேகப்படுறது இந்த வாசனையைத்தான்.

சரி, அந்த அக்கா விஷயம். எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லி, எரிச்சல் அடங்க சில வாரம் விட்டு, அவங்க கொண்டு வந்த ஒவ்வொண்ணையும் முதுகுல சின்னச் சின்ன அளவா வச்சு ஒட்டி பேட்ச் டெஸ்ட் பண்ணினேன். 48 மணி நேரம் கழிச்சு பிரிச்சு ஒரு தடவை பாக்கணும், 96 மணி நேரத்துல இன்னொரு தடவை பாக்கணும், ஏன்னா சில அலர்ஜி லேட்டாதான் காட்டும். குங்குமம் வச்ச இடம் சிவந்து பொடிப்பொடியா நீர்க்கொப்புளம். சந்தனப் பொடி வச்ச இடத்துல லேசான சிவப்பு. பெகூ பக்கம் சொந்தக்காரங்க தோட்டத்துல இருந்து வந்த மஞ்சள் கிழங்கை இடிச்சு வச்ச இடத்துல ஒண்ணுமே இல்ல. அப்போ அவங்களுக்கு மஞ்சள் ஆகாதுன்னு இல்ல, குங்குமத்துலயும் சந்தனத்துலயும் கலந்திருக்கிற ஏதோ ஒண்ணுதான் ஆகல. எந்தச் சாயம்னு இந்த டெஸ்ட் பேர் சொல்லாது. அது அவங்களுக்குத் தேவையும் இல்ல, அந்த ரெண்டு பாக்கெட்டும் வீட்டை விட்டுப் போனா போதும்.

நல்ல குங்குமம்னா என்ன? மஞ்சள்தான். ஆரத்தித் தண்ணி கரைச்சவங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், மஞ்சள் தண்ணியில சுண்ணாம்பு போட்டதும் சிவக்குது இல்லையா, அதே சிவப்புதான் இது. அந்த ஆரத்தியில எலுமிச்சை பிழிஞ்சு பாருங்க, திரும்ப மஞ்சளாயிடும். இதை வச்சுத்தான் "குங்குமத்துல எலுமிச்சை விட்டா மஞ்சளாகணும், ஆகலன்னா போலி"ன்னு சுத்துது. பாதி சரி. சுண்ணாம்பு போட்டு செஞ்ச குங்குமம் அப்படி மாறும். ஆனா நம்ம ஊர்ப் பக்குவத்துல எலுமிச்சைச் சாறும் வெங்காரமும் படிகாரமும் போட்டு ஊற வச்சு நிழல்ல காய வைப்பாங்க, அந்தச் சிவப்பு வேற கூட்டு, எலுமிச்சைக்கு அப்படி லேசுல மாறாது. அதனால அந்த ஒரு டெஸ்ட்டை வச்சு வீட்ல குங்குமம் செய்யுற பாட்டியை சந்தேகப்படாதீங்க.

நான் கிளினிக்ல செய்யுறது இன்னும் எளிசு. கண்ணாடி டம்ளர்ல பச்சைத் தண்ணி, மேல ஒரு சிட்டிகை குங்குமம், கலக்கக் கூடாது. அந்த அக்கா முன்னாடியே பண்ணினேன். தூள் தண்ணியைத் தொட்ட உடனே ரோஸ் கலர்ல நூல் நூலா கீழ இறங்குச்சு, கொஞ்ச நேரத்துல டம்ளர் முழுக்க ரோஸ், அடியில வெள்ளையா மாவு மாதிரி ஏதோ தங்கிச்சு. மஞ்சள்ல இருந்து வந்த நிறம் இப்படிக் கரையாது, தூள் மெதுவா அடியில உக்காரும், தண்ணி லேசா மஞ்சளா இருக்கும். அந்த அக்கா டம்ளரையே பாத்துக்கிட்டு இருந்தாங்க, ஒண்ணும் பேசல. மஞ்சள் தூளுக்கும் இதே மாதிரிதான், தண்ணி உடனே அடர் மஞ்சளாச்சுன்னா சாயம்.

இதுல ஒரு விஷயத்தை தயவுசெஞ்சு மனசுல வச்சுக்கோங்க. இந்த டெஸ்ட்ல பெயிலானா தூக்கிப் போடுங்க, பாஸானா சுத்தம்னு முடிவு பண்ணிடாதீங்க. எண்ணெயில மட்டும் கரையுற சாயம் தண்ணியில காட்டாது. ஈயம் சுத்தமா காட்டாது. ஈயம் கலப்பாங்களான்னு கேக்காதீங்க. 2017ல வெளிவந்த ஒரு ஆய்வுல, அமெரிக்காவுல நியூஜெர்சி கடைகள்ல இருந்தும் இந்தியாவுல இருந்தும் எடுத்த செந்தூரத்தை சோதிச்சிருந்தாங்க, அமெரிக்கக் கடையில வாங்கினதுல 83%, இந்தியாவுல வாங்கினதுல 78% சாம்பிள்ல ஈயம் இருந்துச்சு. பங்களாதேஷ்ல மஞ்சள் பளிச்சுன்னு தெரியணும்னு லெட் குரோமேட்ங்கிற ஈயச் சாயம் பூசினது 2019ல பெரிய விஷயமாச்சு, அப்புறம் அரசாங்கம் இறங்கி அடிச்சதுல 2021க்குள்ள சந்தையில அது காணாமப் போச்சு. இங்க மட்டும் யோக்கியம்னு நினைக்காதீங்க, 2009ல லபெட்ல துணிச் சாயமான ஆரமின் இருக்குன்னு நிறைய பிராண்டை சுகாதாரத் துறை தடை பண்ணினது ஞாபகம் இருக்கும். திங்கிற பொருள்லயே அப்படின்னா பூஜைப் பொடியை யார் பாக்கப் போறாங்க?

ஈயம் தோல் வழியா அதிகம் போகாது, கை வழியா வாய்க்குப் போகும். அதனால பெரியவங்களை விட தவழ்ற குழந்தை இருக்கிற வீட்டுக்குத்தான் என் பயம். பூஜைத் தட்டு தரையில இருக்கும், குழந்தை கையை வச்சு வாயில போடும். தட்டை மேல தூக்கி வைங்க. குழந்தை நெத்தியில பாக்கெட் குங்குமம் வேணாம், பூஜைக்குன்னு வாங்கின மஞ்சளை சமையல்ல போடவே போடாதீங்க, "தீந்து போச்சு, இதையே போட்டுக்கலாம்"னு போட்டுடறாங்க, கேக்கவே வயித்தைக் கலக்குது.

சந்தனத்துக்கு வருவோம். சந்தனப் பொடி பளிச்சுன்னு மஞ்சளா இருந்தா அது சாயம் போட்டது, நிஜச் சந்தனம் வெளிர் பழுப்பா இருக்கும். பல பாக்கெட்ல இருக்கிறது ஏதோ மரத்தூளும் சென்டும். டப்பாவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்குதுன்னு சந்தோஷப்படாதீங்க. நம்ம வீடுகள்ல தனக்கா அரைக்கிற கல் இருக்கு, நல்ல சந்தனக் கட்டை ஒரு துண்டு வாங்கி அதுலயே தண்ணி தெளிச்சு இழைச்சுக்கோங்க. கட்டையிலயும் ஏமாத்துவாங்க, வேற மரத்துக்கு மேல வாசனை தடவி விப்பாங்க, ஆனா மேல் பூச்சு தேஞ்சதும் வாசனை போயிடும், நிஜக் கட்டை உள்ள போகப் போகவும் மணக்கும்.

கஸ்தூரி மஞ்சளும் அப்படித்தான். நிஜமானதை வெட்டினா உள்ள வெளுத்த நிறமா இருக்கும், கற்பூரம் கலந்த மாதிரி ஒரு மணம், மூஞ்சியில அவ்வளவா கறை பிடிக்காது. பாக்கெட்ல ஆரஞ்சு மஞ்சளா வர்றது வேற ஏதோ கிழங்கு.

இன்னொண்ணு, கலப்படமே இல்லாத சுத்தமான மஞ்சளும் சந்தனமும் சில பேருக்கு அலர்ஜி பண்ணும். ரொம்பப் பேருக்கு இல்ல, ஆனா உண்டு. அதனால புதுசா எது வாங்கினாலும் மூஞ்சிக்குப் போறதுக்கு முன்னாடி முழங்கையோட உள்பக்கம் ஒரு காசு அளவுக்கு காலையிலயும் சாயங்காலமும் ஒரு வாரம் தடவிப் பாருங்க, அரிச்சா நிறுத்துங்க. ஏற்கனவே நெத்தியில புண்ணு இருக்கிறவங்க இதை வீட்ல செய்யாதீங்க, நேரா வாங்க. காவடி எடுக்கிற தம்பிங்களும் கேட்டுக்கோங்க, அலகு குத்தின இடத்துல பாக்கெட் மஞ்சளையும் குங்குமத்தையும் அப்பாதீங்க, அது திறந்த புண்ணு.

குங்குமம் வேணாம்னதும் நிறைய பேர் ஸ்டிக்கர் பொட்டுக்குப் போறாங்க. அந்தப் பசை சில பேருக்கு தோலை வெள்ளையாக்கிடும், கருப்பை விட அதை சரி பண்றது கஷ்டம். லேசா வெளுத்தாலே எடுத்துடுங்க.

அந்த அக்கா இப்போ சாமி படத்துக்கு மட்டும் குங்குமம் வைக்கிறாங்க, தனக்கு விபூதி. வெயில்ல போனா குடை, சன்ஸ்கிரீன். அரிப்பு ரெண்டு வாரத்துல போயிடுச்சு, கருப்பு மங்க அஞ்சாறு மாசம் ஆச்சு, இன்னும் முழுசா போகல. இந்தக் கருப்பு தோலோட ஆழத்துல இறங்கினது, எந்த வெள்ளையாக்குற க்ரீமும் ஒரு வாரத்துல எடுக்காது, எடுக்கும்னு சொல்றவங்க கிட்ட ஏமாறாதீங்க.

என்கிட்ட வரும்போது நெத்தியோட மட்டும் வராதீங்க, நீங்க பூசுற எல்லாப் பாக்கெட்டையும் கொண்டு வாங்க, மருந்துக்கடை ட்யூப் உட்பட. டப்பாவுல கொட்டி வைக்கிற பழக்கம் இருந்தா கவரை கிழிச்சு உள்ளயே போட்டு வைங்க.