அன்கண்ட்ரோல்டு வேரியபிள்: தமிழ்ல கட்டுப்படுத்தப்படாத மாறி

வேரியபிள்ங்கிறது "மாறுறது"ன்னு பொருள் தர்ற லத்தீன் வேர்லேந்து வந்தது, தமிழ்ல மாறி. மாறாம இருக்கிறது மாறிலி. நாம வேணும்னே மாத்துறது சாரா மாறி, அதனால மாறுதான்னு அளக்குறது சார்ந்த மாறி, இது ரெண்டும் கணக்குப் பாடத்துலயே வந்துடும். கண்ட்ரோல்ங்கிற சொல்லோட கதைதான் சுவாரஸ்யம், பழைய பிரெஞ்சுல அது கணக்கு சரியான்னு ஒத்துப்பாக்க வச்சிருந்த இன்னொரு நகல் ஏடு. சோதனையில கட்டுப்படுத்துறதுன்னா மத்த எல்லாத்தையும் ஒரே மாதிரி வச்சுக்குறது, அதுல தப்பிச்சுப் போறதுதான் கட்டுப்படுத்தப்படாத மாறி.

பரீட்சையில அடிக்கடி வர்ற கேள்வி ஒண்ணைப் பாப்போம். ஒரு மாணவர் பீக்கர் தண்ணியில ஹைட்ரில்லா செடியைப் போட்டு, குண்டு பல்பை 50 செ.மீ. தூரத்துல வச்சு ஒரு நிமிஷத்துக்கு எத்தனை குமிழி வருதுன்னு எண்ணுறார், அப்புறம் 30, அப்புறம் 10 செ.மீ.ன்னு கிட்ட கொண்டு வர்றார். கிட்ட வர வர குமிழி கூடுது, அதனால வெளிச்சம் கூடினா ஒளிச்சேர்க்கை கூடும்னு முடிச்சுடுறார். குறை என்ன?

பல்பு கிட்ட வந்தா வெளிச்சம் மட்டுமா கூடுது, சூடும்தானே. குண்டு பல்பு இழுக்குற மின்சாரத்துல பெரும்பகுதி சூடாத்தான் போகுது, தண்ணி சூடானா என்சைம் வேகமா வேலை செய்யும், குமிழி கூடினது வெளிச்சத்தாலயா சூட்டாலயான்னு பிரிக்கவே முடியாது. இன்னொண்ணு பலர் கவனிக்கிறதில்ல: சூடான தண்ணியில வாயு கம்மியாத்தான் கரையும், ஏற்கனவே கரைஞ்சிருந்த காத்தே குமிழியா வெளிய வரலாம், அதையும் சேர்த்து எண்ணிடுவோம்.

இங்கதான் நிறைய பேர் "மூணு தடவை செஞ்சு சராசரி எடுக்கணும்"னு எழுதிட்டு வந்துடுறாங்க. அது தப்பில்ல, ஆனா இந்தக் குறையைத் தீர்க்காது, ஏன்னா மூணு தடவையும் 10 செ.மீ.லதான் தண்ணி அதிகம் சூடாகும், சராசரியும் அதே பக்கம்தான் சாயும். சூட்டைத் தடுக்குற மாதிரி எழுதணும்: எல்இடி விளக்கு வைக்கலாம், இல்ல பல்புக்கும் பீக்கருக்கும் நடுவுல தண்ணி நிரப்புன கண்ணாடித் தொட்டி வைக்கலாம், எப்படியும் பீக்கர்ல தெர்மாமீட்டர் போட்டு ஒவ்வொரு தூரத்துலயும் வெப்பநிலை மாறலன்னு காட்டணும். "வெப்பநிலையைக் கட்டுப்படுத்தணும்"னு மொட்டையா எழுதுனா மார்க் பாதியிலயே நின்னுடும், எப்படின்னு சொல்லணும்.

கார்பன் டை ஆக்சைடும் கவனிக்கணும். நேரம் போகப் போக செடி அதைத் தின்னு தீர்த்துடும், அதனால எல்லாத் தூரத்துக்கும் ஒரே அளவு சோடியம் பைகார்பனேட் கலந்த புதுத் தண்ணி வேணும், விளக்கை நகர்த்தினதும் அஞ்சு நிமிஷம் விட்டுட்டு எண்ணணும்.

குமிழி பெருசு சிறுசா வருதுங்கிறது வேற ரகம். அது அளக்குற முறையில உள்ள குறை, அதை மாறி லிஸ்ட்ல சேர்க்காதீங்க, எண்ணுறதுக்குப் பதிலா வாயுவோட கன அளவை சிரிஞ்சுல அளக்கச் சொல்லுங்க.